இணையம் அறுந்த நேரத்தைப் புகாரில் ஏன் எழுத வேண்டும்?

"நெட் அடிக்கடி போகிறது" என்று எழுதினால் நிறுவனம் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும். காய்ச்சல் எப்போது வந்தது, எவ்வளவு ஏறியது என்று தெரியாத மருத்துவரும் பொதுவான மாத்திரைதானே தருவார்?

உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் இழைக்குள் ஓடுவது ஒளி. இழை எங்காவது கூர்மையாக மடங்கினால் அந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். காற்றில் கம்பி ஆடும்போது மடிப்பு இறுகும், ஒளி குறையும், மோடம் அதைப் படிக்க முடியாமல் திணறும். அப்போது LOS விளக்கு சிவப்பாகும். காற்று நின்றதும் இணைப்பு முழு வேகத்தில் திரும்பிவிடும். பழுது பார்க்க ஆள் வரும்போது எல்லாம் சரியாக இருப்பது இதனால்தான்.

சிவப்பு விளக்கே எரியாமல், தினமும் இரவு 8 முதல் 10 வரை வேகம் மட்டும் சரிகிறதா? அநேகமாக அது நெரிசல். கம்பியைச் சோதித்துப் பயனில்லை.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்:

"ஜூன் 3, மாலை 4.12 முதல் 4.19 வரை துண்டிப்பு. LOS சிவப்பு. பலத்த காற்று. 4.25க்கு வேகம் 94 எம்பிபிஎஸ், திட்டம் 100."

வேகச் சோதனையை வைஃபையில் செய்யாதீர்கள். சுவர் தின்ற வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். மோடத்திலிருந்து கணினிக்கு நேரே கேபிள் போட்டுச் செய்யுங்கள்.

கோரிக்கையையும் குறிப்பாகவே வையுங்கள்: "தெருப் பெட்டியிலும் என் வீட்டு முனையிலும் ஒளியின் அளவைக் கருவியால் அளந்து, இரண்டையும் எழுதித் தாருங்கள். அளக்கும்போது கம்பியை அசைத்தும் பாருங்கள்."