பில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? சப்ளையருக்கு எழுத வேண்டிய பதில்

சரக்கு அனுப்பிய சப்ளையர் “பணம் எப்போது வரும்?” என்று கேட்டு எழுதினால், வாங்கிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் போகிறது: சரக்கு வரவு பதிவாகி, பில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பிறகே பணம் வழங்கப்படும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தன் பில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாரால் நிற்கிறது, எந்தத் தேதியில் நகரும் என்று சப்ளையர் கேட்ட எதற்கும் இதில் விடை இல்லை. அதனால் பத்து நாள் கழித்து அதே கேள்வி மறுபடியும் வருகிறது.

இந்தப் பதிலைத் திருத்தி எழுத, அது குறிப்பிடும் ஒப்பீடு என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று தாள்கள் உண்டு. என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று வாங்கும் பிரிவு கொடுப்பது பர்ச்சேஸ் ஆர்டர், பேச்சில் பி.ஓ. சரக்கு வந்து இறங்கியதும் ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்து, குவாலிட்டி பிரிவு சரிபார்த்து, எத்தனை ஏற்கப்பட்டது என்று பதிவு செய்வது ஜி.ஆர்.என். எனப்படும் சரக்கு வரவுச் சீட்டு. மூன்றாவது, சப்ளையர் அனுப்பும் பில். பில்லில் உள்ள விலை பி.ஓ.வோடும், எண்ணிக்கை வரவுச் சீட்டோடும் ஒத்துப்போனால் பணம் போகும். வராத சரக்குக்குப் பணம் போவதும், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதும் இங்கேதான் பிடிபடுகின்றன. ஜிஎஸ்டி சட்டப்படியும், சரக்கு கைக்கு வந்திருந்தால்தான் வாங்கியவர் அதன்மேல் கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே இந்த வரிசையை யாரும் வேண்டாத கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது.

எஸ்.ஏ.பி. மென்பொருள் உள்ள கம்பெனியில் ஸ்டோர்ஸ் வரவை `MIGO` என்ற திரையிலும், அக்கவுண்ட்ஸ் பில்லை `MIRO` என்ற திரையிலும் ஏற்றுவார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பில் கணக்கில் ஏறிவிடும், ஆனால் பணம் போகாதபடி பூட்டு விழுந்துவிடும். சப்ளையருக்கு இந்தப் பூட்டு கண்ணில் படாது. அதைச் சொல்வதற்குத்தான் அந்த மெயில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கோவையில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனி, ஒரு சிறு தொழிற்கூடத்திடம் பெட்டி ஒன்று 42 ரூபாய் வீதம் 5,000 அட்டைப் பெட்டிகளுக்கு பி.ஓ. கொடுக்கிறது. சரக்கு வந்த 30 நாளில் பணம் என்பது பேச்சு. ஜூன் 3-ஆம் தேதி லாரி வருகிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஆனால் 200 பெட்டிகள் மழையில் நனைந்து தளர்ந்துபோயிருக்கின்றன. 4,800 பெட்டிகள் ஏற்கப்படுகின்றன. 200 பெட்டிகளை ஏற்கவில்லை என்று ஜூன் 5-ஆம் தேதி ஸ்டோர்ஸ் எழுத்தில் தெரிவிக்கிறது. பில் மட்டும் முழு 5,000 பெட்டிக்கும் 2,10,000 ரூபாய் என்று, ஜிஎஸ்டி தனியாக, வந்திருக்கிறது. ஏற்ற சரக்கின் மதிப்பு 2,01,600 ரூபாய். 8,400 ரூபாய் வித்தியாசத்தில் மொத்த பில்லும் பூட்டிக்கொள்கிறது. ஜூன் 20-ஆம் தேதி சப்ளையர் கேட்கிறார். அக்கவுண்ட்ஸ் ஒரு பதிலைத் தயார் செய்கிறது. கோவைக் கம்பெனிகளில் இப்படிப்பட்ட மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், அதன் வாசகம் தமிழில் இப்படி இருக்கும்:

“தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. எங்கள் நிறுவன விதிமுறைகளின்படி, சரக்கு வரவும் பில் ஒப்பீடும் நிறைவடைந்த பின்னரே தொகை வழங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படும். தங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.”

இதில் மோசமான சொல் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதுதான். 4,800 பெட்டிகளை ஏற்றுக்கொண்ட நாளிலேயே அது கம்பெனி தர வேண்டிய கடனாகிவிட்டது. தர வேண்டிய பணத்தைத் தரலாமா என்று யோசிப்பதாக எழுதுவது, வாசகம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், சப்ளையரை மனுக் கொடுத்தவரின் இடத்தில் நிறுத்துகிறது. இரண்டாவது, 200 பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மறுப்புக் கடிதம் தொழிற்கூடத்தில் சரக்கு ஏற்றி விடுபவரின் கையில் கிடந்து, பில் போடுபவருக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். தான் ஏதாவது செய்தால்தான் பூட்டு திறக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, தேதி இல்லை.

தேதி இல்லாதது வெறும் மரியாதைக் குறைவு அல்ல, சட்டச் சிக்கலும்கூட. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்குப் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் உடன்பாடே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். ஏற்ற நாள் என்று சட்டம் சொல்வது சரக்கு கைக்கு வந்த நாளை. வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால் மட்டும், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாள் ஏற்ற நாளாகும். கெடு தப்பினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். கெடுவைத் தாண்டிப் பாக்கி வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த விதிகளில் எங்கேயும் ‘பில் ஒப்பீடு முடிந்த நாள்’ என்ற பேச்சே இல்லை. ஒப்பீடு கம்பெனியின் உள்வேலை. கெடு அதற்காகக் காத்திருக்காது. “ஒப்பீடு முடிந்த பின்னரே” என்று மட்டும் எழுதும் மெயில், கெடு ஒப்பீட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. சப்ளையர் வசூல் கோரி அரசிடம் மனுப் போட்டால் அந்த மெயிலே கம்பெனிக்கு எதிராகப் பேசும். எந்த வரிசையில் வேலை நடக்கும் என்பது ஒன்று, எந்தத் தேதியில் பணம் தர வேண்டும் என்பது வேறு. நல்ல மெயில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும்.

அப்படி எழுதும் முன் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் இரண்டு இடத்தில் கேட்டாக வேண்டும். மறுப்புக் கடிதம் யாருக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஸ்டோர்ஸிலும், 200 பெட்டிக்கு மாற்றுச் சரக்கு வேண்டுமா, பில்லில் கழித்தால் போதுமா என்று வாங்கும் பிரிவிலும். கழித்தால் போதும் என்று பதில் வந்தால், மெயில் இப்படி மாறும்:

“பொருள்: உங்கள் பில் 118 – பணம் ஜூலை 3-இல், 200 பெட்டிக்கு கிரெடிட் நோட் தேவை

வணக்கம். உங்கள் பில் 118 எங்களிடம் இருக்கிறது. ஏற்றுக்கொண்ட 4,800 பெட்டிகளுக்கான 2,01,600 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் ஜூலை 3 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகும்.

ஜூன் 3-இல் வந்த 5,000 பெட்டிகளில் 200 நனைந்திருந்ததால் ஏற்கவில்லை. ஜூன் 5-இல் அனுப்பிய கடிதத்தையும் படங்களையும் மறுபடி இணைத்துள்ளோம். பில் 5,000 பெட்டிக்கும் இருப்பதால் எங்கள் வரவுச் சீட்டோடு ஒத்துப்போகவில்லை.

200 பெட்டிக்கான 8,400 ரூபாய்க்கும் அதன் ஜிஎஸ்டிக்கும் ஒரு கிரெடிட் நோட் ஜூன் 27-க்குள் அனுப்புங்கள். இந்த 200 பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அதே தேதிக்குள் சொல்லுங்கள்; அதனால் 4,800 பெட்டிக்கான பணம் நிற்காது.

பி.ஓ., வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போன பிறகு பணம் அனுப்புவது எங்கள் நடைமுறை. நீங்கள் பில்லில் பி.ஓ. எண்ணைப் போட்டு அனுப்பினால் எங்களுக்குச் சரிபார்க்கச் சுலபம்.”

விதி இங்கேயும் இருக்கிறது, ஆனால் கடைசியில், ஒரே வாக்கியத்தில். கேட்டவருக்கு முதலில் தெரிய வேண்டியது பணமும் தேதியும் என்பதால் அவை பொருள் வரியிலேயே வந்துவிட்டன. ‘ஒத்துழைப்பு’ என்று பொதுவாகக் கேட்டது போய், எந்தத் தாள், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஆகிவிட்டது. கிரெடிட் நோட்டைத் தொகையோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனி தன் பக்கத்தில் டெபிட் நோட் போட்டுத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் சப்ளையரின் வரிப் பொறுப்பு குறைய, அவர் கிரெடிட் நோட் போட்டாக வேண்டும்.

சச்சரவு உள்ள 200-ஐயும் சச்சரவு இல்லாத 4,800-ஐயும் பிரித்ததுதான் இந்தத் திருத்தத்தில் பெரிய மாற்றம். கம்ப்யூட்டர் பில்லை முழுதாகப் பூட்டுகிறது என்பதற்காகக் கம்பெனியும் முழுப் பணத்தையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. கிரெடிட் நோட் வர ஏழு நாள் தாமதமானால், தற்காலிகமாக டெபிட் நோட் போட்டு மீதியை விடுவிக்கலாம். இதற்கு அக்கவுண்ட்ஸ் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வாங்காமல் ஜூலை 3 என்று எழுதிவிட்டு, அன்று பணம் போகாவிட்டால் பழைய மெயிலே தேவலை என்று ஆகிவிடும்.

பில் பூட்டுவதற்குக் காரணம் எப்போதும் சப்ளையர் பக்கமே இருக்காது. சரக்கு இறங்கிப் பத்து நாளாகியும் குவாலிட்டி பார்க்காததால் வரவுச் சீட்டு போடாமல் கிடக்கும். லாரி டிரைவர் கேட்டில் கொடுத்த பில் செக்யூரிட்டி அறையிலேயே தங்கியிருக்கும். விலை உயர்வைப் பேசி முடித்த வாங்கும் பிரிவு பி.ஓ.வைத் திருத்த மறந்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் “வரவுச் சீட்டு போடவில்லை, ஆகவே பணம் இல்லை” என்று எழுதினால், தன் வீட்டுத் தாமதத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுவதாகும். “சரக்கு ஜூன் 3-இல் வந்தது, எங்கள் பக்கத்துப் பரிசோதனை இன்னும் முடியவில்லை, 24-க்குள் முடித்துவிடுவோம், பணம் ஜூலை 3-இல்தான், அதில் மாற்றம் இல்லை” என்று எழுதினால் போதும். அங்கே சப்ளையர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் பில்லை மறுபடி அனுப்புவார், அது இரண்டாவது பில்லாகப் பதிவாகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே அக்கவுண்ட்ஸில் இருப்பவர்கள் பதில் தட்டத் தொடங்கும் முன் வரவுச் சீட்டை ஒருமுறை திறந்து, சரக்கு கேட்டுக்குள் வந்த தேதியைப் பார்க்கட்டும். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.