போன வருஷம் நஷ்டம், இந்த வருஷம் லாபம்: வளர்ச்சி எத்தனை சதவீதம்?

ஒரு கம்பெனிக்குப் போன ஜூன் காலாண்டில் 20 கோடி ரூபாய் நஷ்டம்னு வெச்சுக்குங்க. இந்த ஜூன் காலாண்டில் 10 கோடி லாபம். லாப வளர்ச்சி எவ்வளவு? பழைய எண் B2-விலும், புது எண் C2-விலும் இருந்தால், எக்செல்லில் எல்லோரும் போடுவது இதுதான்:

```
=(C2-B2)/B2
```

கழித்தால் 30. அதை -20-ஆல் வகுத்தால் -150%. நஷ்டத்திலிருந்து மீண்ட கம்பெனிக்கு மைனஸ் மார்க்!

இப்போ தலைகீழாகப் போட்டுப் பாருங்க. 20 கோடி லாபத்திலிருந்து 10 கோடி நஷ்டத்துக்கு விழுந்த கம்பெனிக்கும் அதே -150% தான் வரும். எழுந்தவனுக்கும் விழுந்தவனுக்கும் ஒரே எண். இதைவிட ஆபத்தானது இன்னொன்று: நஷ்டம் 20 கோடியிலிருந்து 30 கோடியாக ஏறினால், விடை +50%. வளர்ச்சி வாரியாக லிஸ்டை அடுக்கினால், இந்தக் கம்பெனி மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

காரணம் ரொம்ப சிம்பிள். சதவீதம் என்பது பழைய மதிப்பை அளவுகோலாக வைத்து மாற்றத்தை அளப்பது. அளவுகோல் மைனஸ் ஆனால் திசை திரும்பிவிடும். பூஜ்யம் என்றால் அளவுகோலே இல்லை, அதனால்தான் எக்செல் `#DIV/0!` என்று காட்டுகிறது. அதை மறைக்க 0% என்றோ 100% என்றோ போடாதீங்க, ரெண்டுமே பொய்.

சிலர் கீழே `ABS(B2)` போட்டுச் சரிசெய்வார்கள். பிளஸ், மைனஸ் சரியாகிவிடும், ஆனால் அளவு சரியாகாது. 20 கோடி நஷ்டத்திலிருந்து 10 கோடி லாபம் வந்தால் 150%. வெறும் 1 கோடி நஷ்டத்திலிருந்து அதே 10 கோடி லாபம் வந்தால் 1,100%. முன்னேற்றம் முதல் கம்பெனிக்கு 30 கோடி, இரண்டாவதற்கு 11 கோடி. குறைவாக முன்னேறியதுதான் பெரிசா தெரியுது!

அதனால் என் ஷீட்டில் நான் போடுவது இது:

```
=IF(B2>0,(C2-B2)/B2,"N.M.")
```

N.M. என்றால் ‘அர்த்தமில்லாத எண்’. பக்கத்து காலத்தில் ரூபாய் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்க: “20 கோடி நஷ்டம், இப்போ 10 கோடி லாபம்”. இந்த ஃபார்முலாவும் எல்லாத்தையும் பிடிக்காது. போன வருஷ லாபம் 10 லட்சம், இப்போ 5 கோடி என்றால் 4,900% காட்டும். கணக்கு சரிதான், ஆனா அடிப்படை அவ்வளவு சின்னது.

ரெண்டு கம்பெனியை ஒப்பிடணும்னா, லாபத்தை விற்பனையால் வகுத்துப் பாருங்க. விற்பனை பெரும்பாலும் பிளஸ்தானே. நம்ம கம்பெனியின் விற்பனை 400 கோடியிலிருந்து 500 கோடி ஆகியிருந்தால், மார்ஜின் -5%-லிருந்து +2%-க்கு வந்திருக்கிறது. அதாவது 7 சதவீதப் புள்ளி ஏற்றம். அந்த 10 கோடி வியாபாரத்தில் வந்ததா, நிலம் விற்று வந்ததா என்பதற்கு ‘இதர வருமானம்’ வரியைப் பாருங்க.