ஒரு நூல் புடவை, மூன்று ஜாக்கெட்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த தோழி, 'கரண்ட் வைக்கிறது நேத்தோட முடிஞ்சிடுச்சு' என்று போனில் சொல்கிறாள். கீமோ ஊசி, ஆபரேஷன், அதற்குப் பிறகு கதிரியக்கம் என்று பல மாதங்கள் ஓடியிருக்கின்றன. கேட்ட உடனே நமக்கு ஏதாவது செய்யத் தோன்றுகிறது. ஒரு கேக் வெட்டலாம், நாலு பேர் சேர்ந்து போய்ப் பொன்னாடை போர்த்தலாம், ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கலாம் என்று மனம் ஓடும். அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் அவள் உடம்பும் மனமும் அந்த நாளில் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு கொடுத்தால்தான் பரிசு அவளுக்குப் பயன்படும்.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். கதிரியக்கத்தின் கடைசி நாள், தோல் ஆறிவிட்ட நாள் அல்ல. சிவந்து, கறுத்து, சிலருக்கு உரிந்துபோகும் தோல், சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரம்வரைகூட மோசமாகிக்கொண்டே போகலாம். அதன் பிறகுதான் மெல்ல ஆறும். களைப்போ மாதக்கணக்கில் நிற்கும். முழு இரவு தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சிகிச்சை நடந்தபோது சாப்பாடு கொண்டுவந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குத் துணை வந்தவர்கள் எல்லாரும் 'முடிந்துவிட்டது' என்ற சேதி கேட்டதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவளுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான். அதனால் கொண்டாட்டத்தைக் கடைசி நாளில் வைக்காமல், நாலைந்து வாரம் தள்ளி வைப்பது நல்லது.

அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை முடிந்தவர் மணி அடிக்கும் வழக்கம் இருக்கிறது. இது 1996-ல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் தொடங்கியது. இர்வ் லீ மோய்ன் என்ற கடற்படை அதிகாரி தன் கதிரியக்கச் சிகிச்சை முடிந்ததும், வேலை முடிந்தால் மணி அடிக்கும் கடற்படை மரபுப்படி ஒரு பித்தளை மணியை அடித்துவிட்டு, அதை அங்கேயே விட்டுப் போனார். பலருக்கு அது நிறைவு தருகிறது. ஆனால் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மணி அடித்தவர்கள் அடிக்காதவர்களைவிடத் தங்கள் சிகிச்சைக் காலத்தைக் கூடுதல் வேதனையோடு நினைவுகூர்ந்தது தெரிந்தது. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பதிவது ஆழமாகப் பதியும், கூடவே அந்த வேதனையும் ஆழமாகப் பதிந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மணிச்சத்தம் கேட்கும் அறையில், இனி முழுக்கக் குணமாகாது என்று தெரிந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் நான் சேர்த்தே நினைக்கிறேன்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. பல குடும்பங்கள் இந்த நோயை வெளியே சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், 'குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறதாமே' என்ற பேச்சுக்குப் பயப்படுவார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூட 'கட்டி எடுத்தாங்க' என்றுதான் தெரிந்திருக்கும். நாம் வாழ்த்தோடு படத்தை ஸ்டேட்டஸில் போட்டால், மாதக்கணக்கில் அவள் காத்துவந்ததை ஒரே நிமிடத்தில் ஊருக்குச் சொன்னதாகிவிடும். எனவே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேட்டுக்கொள்ளாமல் எதையும் தொடங்கவேண்டாம்.

எனக்குத் தெரிந்த மதுரைப் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் இந்த விஷயத்தைக் கையாண்ட விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய தோழிக்கு இடது பக்க மார்பகத்தையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அவர் திரும்ப வேலைக்கு வரும் நாளில் காலை இறைவணக்கக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவது என்றுதான் முதலில் யோசனை. ஒருவர் மட்டும், 'அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்' என்று சொல்லி, சாயங்காலம் வீட்டுக்குப் போனார். கூடப் படித்தவர், அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"நேராவே கேக்குறேன்டி. உனக்கு என்ன வேணும்?"

"ஸ்கூலுக்குப் போட்டுட்டு வர ஒரு ஜாக்கெட் இல்லடி எனக்கு. பழசு ஒண்ணும் சேரல."

இந்தப் பதிலில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்பகத்தை எடுத்த பக்கம் துணி தொளதொளவென்று தொங்கும். அதைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் செயற்கை மார்பகம் இருக்கிறது. சிலிக்கானில் செய்தது நல்ல கனமாக, இயற்கையான எடையோடு இருக்கும், ஆனால் விலை அதிகம், நம் வெயிலுக்கு வியர்க்கும். பருத்தி நூலில் பின்னி உள்ளே பஞ்சு அடைத்தது லேசானது. ஆபரேஷன் ஆன முதல் மாதங்களுக்கு அதுதான் இதம். இதைப் பின்னி இலவசமாகத் தரும் தன்னார்வலர்களும் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் எதை வைத்தாலும், அது நகராமல் நிற்க உள்ளே ஒரு பை வேண்டும். கடையில் வாங்கும் ஜாக்கெட்டில் அந்தப் பை இருக்காது.

அடுத்தது கை. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் கையில் நிணநீர் வடிவது குறைந்து, வீக்கம் வரலாம். ஆபரேஷன் முடிந்த உடனே வரவேண்டும் என்பதில்லை, வருடங்கள் கழித்தும் வரும். எல்லாருக்கும் வருவதும் இல்லை. ஆனாலும் அந்தக் கையில் இறுக்கிப் பிடிக்கும் எதையும் தவிர்க்கச் சொல்வார்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பரிசாகத் தர நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நம் ஜாக்கெட்டின் கை, புஜத்தைப் பிடித்தமாதிரி தைக்கப்படுவது. அந்த இறுக்கமே தொந்தரவு.

மூன்றாவது விரல்கள். பாக்லிடாக்ஸல் போன்ற சில கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலே நீடிக்கும். கொக்கி சிறியதாக இருந்தால் விரலுக்கு அது தட்டுப்படாது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆறு கொக்கி மாட்டுவதற்குள் அழுகை வந்துவிடும்.

பொன்னாடைக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அந்தப் பெண்கள் ஒரு மெல்லிய சுங்குடிப் புடவையும் மூன்று பருத்தித் துணிகளும் எடுத்தார்கள். தெரிந்த தையல்கார அக்கா ஒருவரை வீட்டுக்கே வரச் சொன்னார்கள். கடைத்தெருவில் திரைக்குப் பின்னால் நின்று அளவு கொடுப்பது அவருக்கு அப்போது முடிகிற காரியமில்லை. அளவெடுத்தது சாயங்காலம். வீக்கம் இருந்தால் பொழுது சாயும்போதுதான் அது கூடுதலாகத் தெரியும், காலையில் எடுத்த அளவு மாலையில் இறுக்கும். இரண்டு கைகளையும் தனித்தனியாக அளந்தார் தையல்கார அக்கா. இடது கையில் மட்டும் அரை அங்குலம் தாராளம். மல் துணியில் லைனிங், அதில் இரண்டு பக்கமும் மேலே திறந்த ஒரு பை. வலது பக்கம் தேவை இல்லைதான், ஆனால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தால் துணி ஒரேமாதிரி விழும். அக்குளில் வரும் தையலின் பிசிறு உள்பக்கம் உரசாமல் மடித்துத் தைத்தார். கதிரியக்கம் பட்ட தோலில் அந்தப் பிசிறு ரம்பம்போல் அறுக்கும். முன்பக்கம் கொக்கிக்குப் பதில் பெரிய பிரஸ் பட்டன்.

ஒரு ஜாக்கெட்டை முதலில் தைத்து, இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கழற்றியதும் இடது புஜத்தில் தையல் கோடு பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிந்திருந்தால் இறுக்கம் என்று பொருள். பதிந்திருந்தது. இன்னும் கால் அங்குலம் விட்டார்கள். அந்த அளவில் மற்ற இரண்டும். புடவை, துணி, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பள்ளிக்கு வந்த அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தயிர்சாதத்துக்குக் காரமில்லாத கூட்டு ஒருவர் செய்துகொண்டு வந்திருந்தார். கீமோவுக்குப் பிறகு சில காலம் நாக்குக்குக் காரம் சேராது, சிலருக்கு எதைத் தின்றாலும் இரும்பு வாசனை அடிக்கும். அந்தக் கூட்டு வந்ததற்கு அதுதான் காரணம்.

கொடுக்காமல் இருப்பது நல்லது என்று நான் நினைக்கும் சில உண்டு. தலைக்கு எண்ணெய், சீப்பு, கிளிப் வேண்டாம். கீமோ முடிந்து சில வாரத்தில் முடி துளிர்க்கத் தொடங்கும் என்றாலும், ஒரு அங்குலம் வளர இரண்டு மூன்று மாதமாவது ஆகும், வருவது சுருட்டையாகவோ வேறு நிறத்திலோகூட இருக்கும். மல்லிகைச் சரம் கொண்டுபோகும் பழக்கம் நம் கைகளில் ஊறியது. வைத்துக்கொள்ள முடி இல்லாதவளிடம் அதை நீட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சாமி படத்துக்குப் போடக் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். முள்சீத்தா இலைப் பொடி, சர்வரோக நிவாரணிச் சூரணம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அன்போடு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பல பெண்கள் சிகிச்சைக்குப் பிறகு 5 முதல் 10 வருடம்வரை ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். மூலிகைப் பொடிகளில் சில அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கலாம். டாக்டரிடம் கேட்காமல் அதை வாயில் போடக் கூடாது, கேட்கும் சுமையை அவள் தலையில் வைப்பதும் சரியில்லை.

கூடவே சொல்லும் வார்த்தை. 'நீ ஜெயிச்சுட்டே', 'இனிமே ஒண்ணும் வராது' என்று நாம் சொல்வது நம் ஆசை. முதல் சில வருடங்கள் அவள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிவ்யூவுக்குப் போவாள். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தின வாரம் தூக்கம் வராது. 'ஒண்ணும் வராது' என்று சொன்னவர்களிடம் அந்தப் பயத்தைச் சொல்ல அவளால் முடியாமல் போகும். 'நீ திரும்ப வந்தது எங்களுக்கு நல்லா இருக்கு' என்றால் போதும். அது இன்றைக்கு உண்மை.

அந்த ஆசிரியைகள் புடவைப் பையில் ஒரு அட்டையும் வைத்தார்கள். அடுத்த மூன்று ரிவ்யூ தேதிகளை எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆட்டோ பேசி யார் கூட வருவது என்று ஒருவர் பெயர் போட்டிருந்தார்கள். முதல் ரிவ்யூவுக்குத் தன் வீட்டுக்காரரே வருவதாகச் சொல்லி, அந்தப் பெயரை அடித்துவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டார் அவர்.