வெல்டனின் பகடைகளும் 1,378 என்ற மிச்சமும்

1894-ஆம் ஆண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ராஃபேல் வெல்டன், பிரான்சிஸ் கால்ட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். விலங்கியல் ஆசாமிதான், ஆனால் கடிதத்தின் விஷயம் நண்டும் இறாலும் இல்லை, பகடை. பன்னிரண்டு பகடைகளை ஒரே வீச்சில் உருட்டுவது, அவற்றில் எத்தனை 5 அல்லது 6 காட்டுகின்றன என்று குறித்துக்கொள்வது. இப்படி 26,306 வீச்சுகள். மொத்தம் 3,15,672 பகடைகள் உருண்டிருந்தன.

பகடை நேர்மையானதாக இருந்தால் ஆறு முகங்களில் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, 5 அல்லது 6 ஆக விழ வேண்டும். கணக்குப்படி 1,05,224. வெல்டனுக்குக் கிடைத்தது 1,06,602. மிச்சம் 1,378.

மூன்று லட்சத்துக்கு மேல் உருட்டியதில் 1,378 என்பது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? எதிர்பார்த்தது 33.33 விழுக்காடு, வந்தது 33.77. தெருவில் யாரிடம் கேட்டாலும் 'இவ்வளவுதானே, ஏதோ அதிர்ஷ்டம்' என்றுதான் சொல்வார். அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதைக் காட்டுவது மைய எல்லைத் தேற்றம். அதைப் பார்க்க இன்று 26,306 முறை கை வலிக்க உருட்ட வேண்டியதில்லை. பைத்தானும் நம்பை நூலகமும் உள்ள ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

முதலில் ஒரே ஒரு பகடை. 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் சமவாய்ப்பு. ஒரு லட்சம் முறை உருட்டிப் பட்டைப் படம் வரைந்தால் ஆறு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும், மதில் சுவர் மாதிரி. அதில் குன்றும் இல்லை, குழியும் இல்லை.

இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் சுவர் கூரையாகிறது. கூட்டுத்தொகை 2 வருவதற்கு ஒரே வழி: 1-ம் 1-ம். 12-க்கும் அப்படியே, ஒரே வழி. ஆனால் 7 வருவதற்கு ஆறு வழிகள்: 1-6, 2-5, 3-4, அவற்றையே மாற்றிப்போட்டால் இன்னும் மூன்று. மொத்தம் 36 வழிகளில் நடுவில் கூட்டம் நெரிகிறது, ஓரங்கள் வெறிச்சோடுகின்றன. இதில் மாயம் ஒன்றுமில்லை, எண்ணிக்கைதான்.

பத்துப் பகடைகளுக்குப் போனால் ஏற்றத்தாழ்வு மலைக்க வைக்கிறது. பத்தும் விழக்கூடிய வழிகள் மொத்தம் 6,04,66,176. பத்திலும் 6 விழுந்து சராசரி 6 ஆக வேண்டுமானால் அத்தனையிலும் ஒரே ஒரு வழி. சராசரி சரியாக 3.5 ஆக வேண்டுமானால் 43,95,456 வழிகள். நடுவில் குவிவதும் ஓரத்தில் தேய்வதும் சேர்ந்து, படம் ஒரு கோயில் மணியின் புறக்கோடு போல ஆகிவிடுகிறது.

அதைக் கணினியில் செய்து பார்க்க நான்கு வரிகள் போதும்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
means = rng.integers(1, 7, size=(100000, 10)).mean(axis=1)
print(means.mean(), means.std())
```

மூன்றாவது வரி ஒரு லட்சம் வரிசைகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு வரிசையிலும் பத்து வீச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி. கடைசியில் அச்சாகும் எண்களில் முதலாவது 3.5-ஐ ஒட்டி இருக்கும். இரண்டாவது, சராசரிகள் நடுவிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம். அது 0.54-ஐ ஒட்டி வரும்.

இங்கேயே பலர் ஒரு குழியில் விழுகிறார்கள். `integers(1, 7)` என்பதில் 7 சேர்த்தியில்லை, 6-உடன் நின்றுவிடும். 'பகடையில் ஏது 7' என்று நினைத்து `integers(1, 6)` என்று எழுதிவிட்டால் கணினி குறை சொல்லாது. ஐந்து முகப் பகடையை அமைதியாக உருட்டித் தரும். மணி வடிவமும் அழகாக வரும், ஆனால் அதன் உச்சி 3.5-இல் இல்லாமல் 3-இல் நிற்கும். படத்தின் அழகில் மயங்காமல் அச்சான முதல் எண்ணைப் பார்த்தால் தப்பு உடனே பிடிபடும்.

படம் வரைவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பகடைகளின் சராசரி 3.4, 3.5, 3.6 என்று 0.1 படிகளில்தான் வரும், இடையில் எதுவும் வராது. பட்டைகளை எண்பது, நூறு என்று பொடியாக நறுக்கினால் படம் பல் விழுந்த சீப்பு மாதிரி இடைவெளி விட்டுத் தெரியும். தேற்றத்தில் கோளாறில்லை, பட்டையின் அகலத்தில்தான் கோளாறு. `bins=np.arange(0.95, 6.1, 0.1)` என்று கொடுத்தால் ஒவ்வொரு சராசரியும் தன் பட்டையின் நடுவில் உட்காரும்.

இதைவிட ஆழமான குழப்பம் ஒன்று உண்டு. மேலே இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒரு லட்சம், பத்து. 'இன்னும் நிறைய உருட்டினால் மணி வரும்' என்று ஒரு லட்சத்தைப் பத்து லட்சமாக்குகிறவர்கள் உண்டு. அதனால் படத்தின் ஓரம் வழவழப்பாகும், வடிவம் மாறாது. ஒற்றைப் பகடையைக் கோடி முறை உருட்டினாலும் அது மதில் சுவர்தான். வடிவத்தை மாற்றுவது இரண்டாவது எண், ஒரு சராசரிக்குள் எத்தனை பகடைகள் போகின்றன என்பது. தேற்றம் பேசுவது அதைப் பற்றி மட்டும்தான்.

அந்த எண்ணை மாற்றினால் மணியின் அகலம் எப்படி மாறுகிறது? ஒற்றைப் பகடையின் திட்டவிலக்கம் 1.708. பத்துப் பகடைகளின் கூட்டுத்தொகை 5.4 அளவுக்குச் சிதறும், நாற்பதின் கூட்டுத்தொகை 10.8 அளவுக்கு. பகடைகள் நான்கு மடங்கானாலும் சிதறல் இரண்டு மடங்குதான் ஆகிறது. ஒன்று கூட விழும்போது இன்னொன்று குறைய விழுந்து, ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதுதான் காரணம். கூட்டுத்தொகையைப் பகடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பத்துக்கு 0.54, நாற்பதுக்கு 0.27. ஒற்றைப் பகடையின் திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அகலம் கிடைத்துவிடும். மணியை இன்னும் பாதியாக ஒடுக்க வேண்டுமா, நூற்று அறுபது பகடைகள் வேண்டும். துல்லியம் மலிவாகக் கிடைப்பதில்லை.

மணி வடிவம் தெரிந்துவிட்டால் அதை அளவுகோலாக்கலாம். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரு திட்டவிலக்கத் தூரத்துக்குள் 68 விழுக்காடும், இரண்டுக்குள் 95 விழுக்காடும், மூன்றுக்குள் 99.7 விழுக்காடும் அடங்கும். பத்துப் பகடைச் சோதனையில் 3.0 முதல் 4.0 வரையுள்ள சராசரிகளை எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு 68, 69 என்றுதான் வரும்.

வெல்டன் பகடை எண்களின் சராசரியை எடுக்கவில்லையே, 5, 6 விழுந்ததைத்தானே எண்ணினார் என்று தோன்றலாம். விழுந்தால் 1, விழாவிட்டால் 0 என்று எழுதிக்கொண்டால் 'எத்தனை பங்கு விழுந்தது' என்பதும் ஒரு சராசரிதான். இந்த வகையைத்தான் முதலில் கண்டவர் ஆப்ரகாம் த மாவ்ர். 1733-லேயே, காசு சுண்டுவது போன்ற இரண்டில் ஒன்று ஆட்டங்களுக்கு மணிக்கோட்டைக் கணக்கிட்டுவிட்டார். லாப்லாஸ் 1810-இல் அதை விரிவாக்கினார். தேற்றத்துக்குப் பெயர் வந்ததோ 1920-இல், ஜியார்ஜ் போயா வைத்தது. நிகழ்தகவுக் கணிதத்தில் நடுநாயகமான தேற்றம் என்ற பொருளில் 'மைய' என்றார்.

இப்போது வெல்டனின் முழு உழைப்பையும் ஆயிரம் முறை திரும்பச் செய்யலாம். நேர்மையான பகடையோடு:

```python
hits = [(rng.integers(1, 7, size=315672) >= 5).sum()
        for _ in range(1000)]
print(np.std(hits), max(hits))
```

முப்பத்தொரு கோடிக்கு மேல் வீச்சுகள். மடிக்கணினி கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். திட்டவிலக்கம் 265-ஐ ஒட்டி வரும். ஆயிரம் வெல்டன்களில் அதிகபட்ச அதிர்ஷ்டசாலிக்கும் 1,06,100 பக்கம்தான் கிடைக்கும். 1,06,602-ஐ எவரும் தொட்டிருக்கமாட்டார்.

1,378-ஐ 265-ஆல் வகுத்தால் 5.2. நேர்மையான பகடை ஏதாவது ஒரு பக்கம் இவ்வளவு தூரம் விலகுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் ஒன்று. தெருவில் கேட்டவர் 'அதிர்ஷ்டம்' என்று தள்ளிய அரை விழுக்காட்டுக்கும் குறைவான மிச்சம், அதிர்ஷ்டமாக இருக்கவே முடியாத அளவு பெரியது. கார்ல் பியர்சன் 1900-இல் கை-வர்க்கச் சோதனையை அறிமுகம் செய்த கட்டுரையில் இதே வெல்டன் தரவை எடுத்துக்கொண்டார். நேர்மையான பகடை என்ற அனுமானம் அங்கேயும் தேறவில்லை.

ஒரு எச்சரிக்கை: இப்படி ஐந்து திட்டவிலக்கம் தள்ளிப் போய் அளக்க, பகடைகள் ஏராளமாக இருக்க வேண்டும். மணி நடுவில் சீக்கிரம் பொருந்தும், வாலில் தாமதமாகத்தான் பொருந்தும். பத்துப் பகடையும் 6 ஆக விழும் வாய்ப்பை மணிக்கோட்டை வைத்துக் கணித்தால் உண்மையைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிதாக வரும். சராசரி 6-ஐத் தாண்டவும் அந்தக் கோடு கொஞ்சம் இடம் வைத்திருக்கும், பகடையில் அது நடக்கவே நடக்காது. வெல்டனிடம் மூன்று லட்சம் இருந்ததால் அவருடைய 5.2-ஐ நம்பலாம்.

இன்னொன்று. 'நேர்மையான பகடை, ஒன்றையொன்று பாதிக்காத வீச்சுகள், சரியான எண்ணிக்கை' என்ற மூன்றில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்றுதான் அளவுகோல் சொல்கிறது. எது என்று சொல்லாது. அசதியில் தப்பாக எண்ணியிருந்தாலும் இதே 5.2 வரலாம். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பகடையின் புள்ளிகள். அவை குழியாகக் குடையப்படுகின்றன. 6-இன் முகத்தில் ஆறு குழி, எதிரே 1-இன் முகத்தில் ஒரே குழி. 5-க்கு எதிரே 2. குடைந்த பக்கம் இலேசாகி மேலே திரும்ப, 5-ம் 6-ம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன.

2009-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சக்கரையா லாபி என்பவர், மனிதக் கையையும் கண்ணையும் விலக்கிவிட்டு இதைத் திரும்பச் செய்தார். பெட்டிக்குள் பன்னிரண்டு பகடைகள். அவற்றைக் குலுக்க ஓர் இயந்திரம், புள்ளிகளைப் படமெடுத்து எண்ண ஒரு கேமராவும் கணினியும். அதே 26,306 வீச்சுகள். அவருடைய பகடைகளில் கூடுதலாக விழுந்தவை 5-ம் 6-ம் அல்ல, 1-ம் 6-ம். பகடையை அளந்து பார்த்தபோது 1-க்கும் 6-க்கும் இடையிலான தூரம் மற்ற இரண்டு பக்கங்களைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தது.