செருப்பின் அடியைக் காட்டுங்கள்!

தோல் செருப்பு விளம்பரத்தில் மெய் எது, பாவனை எது?

கிருத்திகை நாளில் திருத்தணி மலை அடிவாரத்தில் பார்த்தால், படியேறும் முன் பக்தர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் குவியல் குவியலாகக் கிடக்கும். மேலிருந்து பார்க்கும்போது பழுப்பு நிறச் செருப்புகள் எல்லாம் ஒரே ஜாதி போலத் தோன்றும். ஒன்றை எடுத்துத் திருப்பினால்தான் தைத்ததா, ஒட்டியதா, தோலா, அட்டையா என்பது தெரியும்.

செருப்பு விளம்பரத்திலும் இதே கதைதான். "கையால் தைத்த அசல் தோல் செருப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கூடவே மூன்று படங்கள் இருக்கும். ஒன்றில் தையல், ஒன்றில் அடித்தோல், ஒன்றில் சின்னப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி. இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்துகொண்டால், காசு கொடுக்கும் முன்பே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

நூல் ஒன்று, ஊசி இரண்டு

முதலில் தையலைப் பார்ப்போம். கையால் தைப்பவர் ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோப்பார். நூலுக்கு மெழுகு தேய்த்திருப்பார். குத்தூசியால் ஒரு துளை போட்டு, அந்த ஒரே துளையில் ஓர் ஊசியை இந்தப் பக்கத்திலிருந்தும், மற்றதை அந்தப் பக்கத்திலிருந்தும் விடுவார். பிறகு இரு கைகளையும் விரித்து இழுத்து இறுக்குவார். ஒவ்வொரு துளையிலும் நூல் இரு முறை போகிறது. ஓரிடத்தில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து நூல் பிடித்துக் கொள்ளும்.

மிஷின் தையல் வேறு விதம். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். இரண்டும் தோலுக்கு நடுவே கொக்கி போல மாட்டிக் கொள்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிப்பில்லை. பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். மிஷின் தையல் கெட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. நன்றாகப் போட்டால் பல வருஷம் உழைக்கும். அதைக் கைத்தையல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

படத்தில் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? குத்தூசித் துளை பெரும்பாலும் சற்றுச் சாய்வாக விழும். ஆகவே கைத்தையல் வரிசையில் ஒவ்வொரு தையலும் இலேசாகச் சாய்ந்திருக்கும். இடைவெளியிலும் மயிரிழை வித்தியாசம் காணும். மிஷின் தையல் கோடு போட்டது போல ஓடும். ஆனால் தேர்ந்த கைக்காரரின் தையலும் சீராகவே இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மேலே தெரிகிற தையல் அடியிலும் வெளிவருகிறதா? நல்ல வேலைக்காரர் அடித்தோலில் ஒரு சிறு பள்ளம் கீறி, நூலை அதற்குள் பதிப்பார். தரையில் உரசி நூல் தேயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மேலே அழகான தையல் இருந்து அடி மொழுமொழுவென்று இருந்தால், அந்தத் தையல் மேல்தோலோடு நின்று போயிருக்கலாம். அடியைப் பிடித்திருப்பது பசையாக இருக்கலாம். ரப்பர் அச்சிலேயே தையல் போலப் புள்ளிகள் வார்த்த செருப்புகளும் உண்டு. அடிப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே வழி.

விளிம்பு சொல்லும் சேதி

அடுத்தது அடித்தோல். இதில் பார்க்க வேண்டியது வெட்டிய விளிம்பை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல், வெட்டிய இடத்தில் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். நெருக்கமான நார் தெரியும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலின் நடுவே நீலச் சாம்பல் நிறம் தெரிவதுண்டு. அது மேல் வார்களுக்கு மிருதுவாக உதவும். அடிக்குத் தாவரச் சரக்குத் தோலே பொருத்தம். நனைத்துச் சுத்தியலால் தட்டினால் அது இறுகும்; காலின் வடிவத்துக்குப் படிந்து அப்படியே நிற்கும்.

தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்திய அட்டையும் சந்தையில் உண்டு. அதன் விளிம்பில் நார் இருக்காது. காகிதக் கட்டு போலத் தெரியும். நனைந்தால் ஊதிப் பிரியும். இதை மறைக்க விளிம்பில் கெட்டியாகச் சாயம் பூசிவிடுவார்கள். சாயம் பூசாத விளிம்பின் படம் ஒன்று கேளுங்கள். பக்கவாட்டில் வெயில் விழும்படி எடுத்த படம் நல்லது. நேர் வெளிச்சத்தில் தோலின் மேடுபள்ளமும் தையலின் அழுத்தமும் மறைந்துவிடும்.

அசல் தோலுக்கும் குறை உண்டு. மழையில் ஊறும். புதிய தோல் அடி, ஈரக் கல் படியில் வழுக்கும். இதைச் சொல்லும் வியாபாரியை நம்பலாம்.

பட்டறைப் படமும் ஒரு கணக்கும்

மூன்றாவது பட்டறை. தொழிலாளி கையில் ஊசி மட்டும் இருந்து, அருகே குத்தூசி இல்லை என்றால் யோசியுங்கள். இரண்டு அடுக்குத் தோல் கால் அங்குலத்துக்கும் மேல் கனம். முன்னே துளை போடாமல் ஊசி நுழையாது. மெய்யான பட்டறையில் தோல் ஊறும் தண்ணீர்த் தொட்டி, தட்டும் கல், மெழுகு, வெட்டித் தள்ளிய துண்டுகள் எல்லாம் கிடக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆண்கள் அணியும் செருப்பு ஒன்றின் சுற்றளவு சுமார் 24 அங்குலம். அங்குலத்துக்கு 4 தையல் என்றால் 96 துளை, ஜோடிக்கு 192. ஒரு துளைக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் 96 நிமிஷம். இது அடியைச் சுற்றித் தைக்க மட்டும்! வெட்டுவது, நனைப்பது, தட்டுவது, வார் பூட்டுவது எல்லாம் தனி. ஒன்றரை மணி நேரக் கூலியையும் தோல் விலையையும் கூட்டினால் வருகிற தொகையைவிடக் குறைவான விலைக்குக் "கைத்தையல்" என்றால், சந்தேகப்படுவதில் தப்பில்லை.

கோலாப்பூர் கற்பித்த பாடம்

பெயர் சொல்லாத படம் என்ன பாடுபடும் என்பதற்குக் கோலாப்பூர்ச் செருப்பே சாட்சி. அதில் ஆணி கிடையாது. தோலையே மெல்லிய வாராகச் சீவி, அதை நூலாக்கித் தைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 4 மாவட்டங்கள், கர்நாடகத்தில் 4 மாவட்டங்கள் சேர்ந்து 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு பெற்றன. 2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா கம்பெனி நடத்திய ஆடை அலங்காரக் காட்சியில் அதே சாயலில் செருப்புகள் வந்தன. ஆனால் கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. வெறும் "தோல் செருப்பு" என்றுதான் குறிப்பிட்டார்கள். கண்டனம் எழுந்த பிறகே, இந்தியக் கைவினையைத் தழுவியது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு 2,000 ஜோடி செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப் போவதாக அறிவித்தது.

ஆகவே திருத்தணியிலோ வேறு சிற்றூரிலோ பட்டறை வைத்திருப்பவர் விளம்பரம் கொடுத்தால், அழகான மேல்பக்கத்தோடு நிறுத்த வேண்டாம். அடியைத் திருப்பி ஒரு படம், சாயமில்லாத விளிம்பு ஒரு படம், குத்தூசி தோலில் இறங்கும்போது ஒரு படம் போடட்டும். எந்த ஊரில், எந்தத் தோலில், கையாலா மிஷினாலா என்று மூன்று வரி எழுதட்டும்.

வாங்குகிறவர் அந்த விளம்பரத்தைப் பத்திரப்படுத்துவது நல்லது. சொன்னது ஒன்றும் வந்தது ஒன்றுமானால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.