களவு போன மடிக்கணினி: மாற்ற வேண்டிய சாவிகள் எவை?

மடிக்கணினி களவு போனால் போலீசில் புகார் செய்து, மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் களவு போனது ஒரு மென்பொருள் நிரலாளரின் கணினியாக இருந்தால் அது போதாது. அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் சர்வர்களையும் தகவல் களஞ்சியங்களையும் திறக்கக்கூடிய பல சாவிகள் அந்தக் கணினிக்குள் இருக்கும். அதனால்தான் இத்தகைய களவு நடந்தவுடன், எந்தெந்தச் சாவிகளை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்று குழுத்தலைவர் தம்முடைய நிரலாளர்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்புகிறார்.

இங்கே சாவி என்பது நீளமான எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி. அது சாதாரணக் கோப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். டோக்கன் என்பதும் அத்தகையதே. ஒருமுறை அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு, மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்காக வழங்கப்படும் அனுமதிச் சீட்டு என்று அதைச் சொல்லலாம். இவற்றை வேறொரு கணினியில் படியெடுத்து வைத்தாலும் வேலை செய்யும். கடவுச்சொல்லை மாற்றினால் இவை செயலிழந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. கொடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும்.

வன்தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் ஆபத்து இல்லையே என்று கேட்கலாம். கணினி முழுமையாக அணைக்கப்பட்டிருந்தால் அது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் பெரும்பாலோர் கணினியை அணைப்பதில்லை. மூடியை மட்டும் மூடிவிட்டுப் போகிறார்கள். அந்த நிலையில் மறையாக்கத்தைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே தங்கியிருக்கும். ஆகவே, அணைக்கப்பட்டிருந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது எல்லாச் சாவிகளும் வெளியே போய்விட்டதாகவே கொள்ள வேண்டும்.

முதலில் எழுத வேண்டியது நேரம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலை 5.45க்கு நிரலாளர் ஒருவர் மடிக்கணினியைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். இரவு 8 மணிக்குத் திரும்பும்போது கார் கண்ணாடி உடைந்திருக்கிறது. 8.30க்கு அறிவிப்பு வெளிவருகிறது. அதன் முதல் வரியில் இருக்க வேண்டிய நேரம் 5.45. களவு தெரியவந்தது 8 மணிக்கு என்றாலும், கணினி கடைசியாகக் கையில் இருந்தது 5.45க்குத்தான். சர்வர் பதிவேடுகளை அந்த நேரத்திலிருந்துதான் ஆராய வேண்டும்.

உடனே ரத்து செய்ய வேண்டியவை

அந்த நிரலாளருக்கு மட்டுமே உரிய சாவிகள் முதல் வகை. மின்னஞ்சல் முதலிய எல்லாச் சேவைகளிலும் அவர் திறந்து வைத்திருக்கும் உள்நுழைவுகளைத் துண்டிக்க வேண்டும். கிட்ஹப்பில் அவர் உருவாக்கிய `ghp_` அல்லது `github_pat_` என்று தொடங்கும் டோக்கன்களையும், அவருடைய எஸ்.எஸ்.எச். சாவியையும் நீக்க வேண்டும். இவற்றுக்கு மாற்று தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதிகம் போனால் அவருடைய வேலை மட்டும் ஓரிரவு தடைப்படும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. கிட்ஹப்பில் எஸ்.எஸ்.எச். சாவியை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதே சாவியின் பொதுப் பகுதி நிறுவனத்தின் ஒவ்வொரு சர்வரிலும் `authorized_keys` என்ற கோப்பில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அங்கிருந்தும் எடுக்காவிட்டால், ஒரு கதவைப் பூட்டிவிட்டு மற்றக் கதவுகளைத் திறந்து வைத்ததாகிவிடும்.

புதியது வந்த பிறகு நிறுத்த வேண்டியவை

குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சாவிகள் இரண்டாம் வகை. `.env` என்ற கோப்பில் தகவல் களஞ்சியத்தின் கடவுச்சொல், கட்டணம் வசூலிக்கும் சேவையின் சாவி போன்றவை இருக்கும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் வாடிக்கையாளர்களின் சேவையே நின்றுபோகும். எனவே புதிய சாவியை உருவாக்கி, சர்வர்களில் பொருத்தி, எல்லாம் ஓடுகிறது என்று கண்ட பிறகு பழையதை நிறுத்த வேண்டும். மற்ற நிரலாளர்களும் தங்கள் கணினியில் உள்ள கோப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால்தான் அறிவிப்பு எல்லோருக்கும் போகிறது.

அமேசான் மேகச் சேவையில் ஒரு பயனாளருக்கு ஒரே நேரத்தில் 2 அணுகு சாவிகள் வைத்துக்கொள்ள இடமுண்டு. புதியதைப் பொருத்தும்வரை பழையது ஓட இது வசதி செய்கிறது. பழையதை நிறுத்தும் கட்டளை இது:

```
aws iam update-access-key --user-name deploy \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE --status Inactive
```

உடனே அழிக்காமல் முதலில் முடக்குவதற்குக் காரணம் உண்டு. எங்கோ மறந்துபோன நிரல் ஒன்று பழைய சாவியை நம்பியிருந்தால் அது இப்போது நின்று, தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்த பிறகு பழையதை அழித்துவிடலாம். ஆனால் 5.45க்குப் பின் அந்தச் சாவியை வெளியார் பயன்படுத்திய தடயம் பதிவேட்டில் தெரிந்தால் இந்த நிதானம் கூடாது. சேவை நின்றாலும் சரி, அந்த நொடியே முடக்க வேண்டும்.

கவனமாகக் கையாள வேண்டியவை

முத்திரையிடும் சாவியும் மறையாக்கச் சாவியும் மூன்றாம் வகை. வாடிக்கையாளரின் உள்நுழைவுச் சீட்டுகளில் முத்திரையிடும் சாவி திருடனிடம் சிக்கினால், எந்த வாடிக்கையாளரின் பெயரிலும் அவனே சீட்டு அச்சிட்டுக்கொள்ளலாம். அதை மாற்றினால் எல்லா வாடிக்கையாளர்களும் மறுபடியும் உள்நுழைய நேரிடும். அந்தச் சிரமத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அன்றிரவே மாற்றுவது நல்லது.

சேமித்த தகவல்களை மறையாக்கிய சாவியோ நேர்மாறானது. அவசரத்தில் பழைய சாவியை அழித்துவிட்டால், அதனால் பூட்டப்பட்ட தகவல்களை உரிமையாளரே படிக்க முடியாது. எல்லாத் தகவல்களையும் புதிய சாவியால் மீண்டும் மறையாக்கி முடிக்கும்வரை பழையதைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆகவே இந்த ஒன்றைக் குழுத்தலைவரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

விடுபட்ட 4 சாவிகள்

பட்டியலில் ஒன்றிரண்டு விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் அனுபவம் சான்று. 2023 அக்டோபரில் ஒக்டா என்ற அடையாளச் சேவை நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், கிளவுட்ஃபிளேரின் சாவிகளும் கசிந்தன. அங்கே களவு போனது மடிக்கணினி இல்லையென்றாலும், செய்ய வேண்டிய வேலை இதேதான். ஆயிரக்கணக்கான சாவிகளில் ஒரு டோக்கனும் 3 சேவைக் கணக்குகளும் மட்டும் மாற்றப்படாமல் விடுபட்டன. அவை பயன்பாட்டில் இல்லை என்று தவறாக எண்ணியதே காரணம். நவம்பரில் அவற்றைக் கொண்டே ஊடுருவல்காரர்கள் நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் படித்தனர். அதன் பிறகு 5,000க்கும் மேற்பட்ட சாவிகளை அந்நிறுவனம் மாற்ற வேண்டியதாயிற்று.

பயன்படாத சாவி என்றால் புதியது தேவையில்லை. உடனே ரத்து செய்துவிடலாம். அதை அப்படியே விட்டுவைக்கத்தான் காரணம் இல்லை. பட்டியலைத் தயாரிக்கக் களவுக்கு ஆளானவரின் ஞாபகத்தை மட்டும் நம்பக்கூடாது. அதே வேலை செய்யும் மற்றொருவரின் கணினியில் `~/.ssh`, `~/.aws/credentials`, `~/.npmrc`, `.env` ஆகியவற்றைத் திறந்து பார்த்தால் என்னென்ன போயிருக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

முடிந்தது என்று எப்படி அறிவது?

புதிய சாவி வேலை செய்கிறது என்பது பாதி விடைதான். பழைய சாவியால் நுழைய முயன்று, அனுமதி மறுக்கப்படுவதைக் கண்ணால் காண வேண்டும். 5.45க்குப் பின் புதிய சாவியோ புதிய பயனாளர் கணக்கோ உருவாக்கப்பட்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும். திருடன் உள்ளே நுழைந்து தனக்கென்று ஒரு சாவியைச் செய்துகொண்டிருந்தால், பழையவை அனைத்தையும் மாற்றினாலும் அது நிலைத்திருக்கும்.

அதனால் அறிவிப்பின் கடைசியில், ஒவ்வொரு சாவிக்கும் எதிரே பொறுப்பானவர் பெயரும், பழையது செத்த நேரமும் எழுத இடம் விடப்படுகிறது. அந்த நேரம் எழுதப்படாத வரிசை ஒன்று இருக்கும்வரை வேலை முடியவில்லை என்பதே பொருள்.