இரட்டைப் பதிவுக்கு எவ்வளவு இடம் போகும்?

விண்டோஸ் கணினியில் Storage Spaces என்ற வசதியால் பல ஹார்டு டிஸ்குகளை ஒரே தொகுப்பாக்கலாம். அப்போது அவற்றில் உள்ளவை அழிந்துவிடும். முன்னதாகப் பிரதி எடுத்துக்கொள்ளவும்.

Two-way mirror முறையில் ஒவ்வொரு பதிவும் இரு வேறு டிஸ்குகளில் அமரும். ஒன்று பழுதானாலும் கணக்கு தப்பும். அதற்கு விலை பாதி இடம்.

அளவுகள் ஒவ்வாவிட்டால் நஷ்டம் கூடும். 1, 1, 4 டெராபைட் டிஸ்குகளைச் சேர்த்தால் மொத்தம் 6. ஆனால் 3 கிடைக்காது. பெரிய டிஸ்கில் எழுதுவதற்கான இரண்டாம் பிரதி சிறிய இரண்டில்தான் அமர முடியும். 2 டெராபைட்டில் அவை நிரம்பிவிடும். பெரியதில் மீதி 2 சும்மா கிடக்கும். ஆகவே பெரிய டிஸ்கின் அளவு மற்றவற்றின் கூட்டுத்தொகையை மிஞ்சாதபடி வாங்க வேண்டும்.

தவறி அழித்த பில் இரு பிரதிகளிலும் அழியும். எனவே தனிப் பிரதி ஒன்று வெளியே இருக்கட்டும்.